காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கான விதிப் பலகை: எதை நிறுவனம் சொல்லலாம், எதை ஏஜென்சிக்கு விட வேண்டும்

தொழிற்சாலை, கிடங்கு, கட்டட வேலை நடக்கும் இடம் என்று எங்கே போனாலும் கேட் பக்கத்தில் 'ஒப்பந்தத் தொழிலாளர்கள் கவனத்திற்கு' என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும். அதை எழுதுபவர் பெரும்பாலும் ஹெச்ஆர் பிரிவில் இருக்கும் யாரோ ஒருவர். நிரந்தர ஊழியர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் விதிகளை எடுத்து, தலைப்பை மாற்றி, கடைசியில் 'இவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்ல' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்.

இன்னொரு பக்கம், சிலர் பயந்துபோய் எதையுமே எழுதுவதில்லை. 'நாம் விதி போட்டால் நாம்தான் முதலாளி என்று ஆகிவிடும், பாதுகாப்பைக்கூட ஏஜென்சியே பார்த்துக்கொள்ளட்டும்' என்பது அவர்கள் வாதம்.

இரண்டுமே தவறு. முதலாவது நிறுவனத்தை வழக்கில் மாட்டிவிடும். இரண்டாவது ஒரு மனிதரின் கையையோ உயிரையோ பறித்துவிடும், அதனால் அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நடுவில் தெளிவான ஒரு கோடு இருக்கிறது. இந்தியச் சட்டமும் தீர்ப்புகளும் அதை எங்கே போடுகின்றன என்று பார்ப்போம்.

## இடத்தின் விதி வேறு, வேலையின் விதி வேறு

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் தன் ஆட்களோடு வருகிறார். மண்டப மேனேஜர் அந்த ஆட்களிடம் 'அடுப்பை இந்தக் கொட்டகைக்குள்தான் பற்றவைக்க வேண்டும், காஸ் சிலிண்டரை வழியில் வைக்காதீர்கள், பின் கேட் வழியாக வாருங்கள்' என்று தாராளமாகச் சொல்வார். யாராவது கேட்காவிட்டால் 'இவரை இங்கிருந்து வெளியே அனுப்புங்கள்' என்று சமையல்காரரிடம் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த ஆளுக்கு இன்று எவ்வளவு கூலி, நாளை அவருக்கு லீவு உண்டா, அடுத்த வாரம் வேறு மண்டபத்துக்குப் போகிறாரா என்பதையெல்லாம் மேனேஜர் முடிவு செய்வதில்லை. அது சமையல்காரரின் விஷயம்.

மேனேஜரிடம் இருப்பது இடத்தின் மேலான அதிகாரம், சமையல்காரரிடம் இருப்பது ஆளின் வேலையின் மேலான அதிகாரம். காண்ட்ராக்ட் தொழிலாளர் விஷயத்தில் நீதிமன்றம் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

மூன்று சொற்களை இப்போதே வரையறுத்துவிடுகிறேன், பிறகு குழப்பம் வராது. ஆட்களைத் தன் பெயரில் வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்து, இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்புபவர் ஒப்பந்ததாரர். ஸ்டாஃபிங் ஏஜென்சி இந்த வகைதான், இனி ஏஜென்சி என்றே சொல்கிறேன். அந்த ஆட்கள் போய் வேலை செய்யும் நிறுவனம் முதன்மை வேலையளிப்பவர். பெயரில் வேலையளிப்பவர் என்று இருப்பதால் மிரள வேண்டாம், அது சட்டம் சில கடமைகளைச் சுமத்துவதற்காக வைத்த பெயர், அதனால் மட்டும் அவர் நேரடி முதலாளி ஆகிவிடமாட்டார். இப்படி ஏஜென்சி வழியாக வருபவர் ஒப்பந்தத் தொழிலாளர்.

## நீதிமன்றம் எதைப் பார்க்கிறது?

சென்னை விமான நிலையத்தில் சரக்கு கையாண்ட தொழிலாளர்கள் பற்றிய வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான வேறுபாட்டைச் சொன்னது. ஆட்களை அனுப்பும் ஒப்பந்தம் என்றாலே, போன இடத்தில் இருக்கிற நிறுவனம் அவர்களிடம் 'இந்தப் பெட்டியை இங்கே வை, அதை அங்கே எடு' என்று சொல்லத்தான் செய்யும். அதனால் மட்டும் அவர்கள் நேரடி ஊழியர்கள் ஆகிவிடுவதில்லை. இது இரண்டாம்நிலைக் கட்டுப்பாடு, அதாவது அனுப்பப்பட்ட இடத்தில் அன்றைய வேலையை வழிநடத்துவது. ஆளை எங்கே அனுப்புவது, எவ்வளவு காலம், எந்த நிபந்தனையில், அவர் வேலையில் தொடர்வாரா என்று முடிவு செய்வது முதல்நிலைக் கட்டுப்பாடு. சம்பளமும் இந்த முதல்நிலைக் கட்டுப்பாடும் உண்மையிலேயே ஏஜென்சியிடம் இருந்தால், முதலாளி ஏஜென்சிதான்.

2014இல் ஏர் இந்தியா கேன்டீன் தொழிலாளர்கள் பற்றிய பல்வந்த் ராய் சலுஜா வழக்கில் இதையே இன்னும் பிரித்துச் சொன்னார்கள். யார் நியமித்தது, யார் சம்பளம் கொடுக்கிறார், வேலையைவிட்டு நீக்கும் அதிகாரம் யாரிடம், ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது யார், பணியில் தொடர்ச்சி இருக்கிறதா, கட்டுப்பாடும் மேற்பார்வையும் எவ்வளவு தூரம் போகிறது என்று ஆறு கேள்விகள்.

இந்த ஆறில் எதுவுமே 'அறிவிப்பின் கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது' என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1978இலேயே கோழிக்கோட்டுக் கயிறு தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம், காகிதத்தில் இருக்கும் ஏற்பாட்டை விலக்கிவிட்டு உண்மையில் யார் முதலாளி என்று பார்த்தது. ஆனால் காகிதம் எதிராகச் சாட்சி சொல்லும்! நீக்குவதும் லீவு கொடுப்பதும் சம்பளம் பிடிப்பதும் நாங்கள்தான் என்று உங்கள் லெட்டர்ஹெட்டிலேயே அச்சடித்து ஒட்டியிருந்தால், அந்த ஆறில் மூன்று நான்கு கேள்விகளுக்கு நீங்களே பதில் எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

சுருக்கமாக: அன்றைய வேலையைச் சொல்வதும் வளாகத்தில் ஒழுங்கைக் காப்பதும் பிரச்சினை இல்லை. நியமனம், சம்பளம், லீவு, தண்டனை, நீக்கம் ஆகியவற்றில் நிறுவனம் கை வைத்தால்தான் பிரச்சினை.

## ஒரு அறிவிப்பைப் பிரித்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு கிடங்கு. ஏஜென்சி வழியாக 60 பேர் லோடிங், பேக்கிங் வேலைக்கு வருகிறார்கள். மேனேஜர் எழுதிய வரைவில் முதல் வரி இது:

> நமது நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர்கள் காலை 8 மணிக்குள் வர வேண்டும். தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும்.

நேரத்தைச் சொல்வதில் தவறில்லை, ஷிஃப்ட் எப்போது தொடங்குகிறது என்று தெரியாமல் யாரும் வேலைக்கு வர முடியாது. சிக்கல் சம்பளப் பிடித்தத்தில். சம்பளம் கொடுக்காதவர் அதை எப்படிப் பிடிப்பார்? அதோடு ஏஜென்சியே செய்தாலும் இது செல்லாது. வராத நேரத்துக்கு எவ்வளவு விகிதமோ அவ்வளவுதான் பிடிக்கலாம் என்பது சம்பளச் சட்டத்தின் விதி. கால் மணி நேரம் தாமதமாக வந்தவருக்கு அரை நாள் வெட்டுவது அநியாயம், சட்டத்துக்கும் முரண். இப்படி மாற்றலாம்:

> இந்த வளாகத்தில் காலை ஷிஃப்ட் 8 மணிக்குத் தொடங்கும். வருகையும் சம்பளமும் சார்ந்த விஷயங்களை உங்கள் ஏஜென்சி கவனிக்கும்.

அடுத்த வரி:

> லீவு வேண்டுவோர் கிடங்கு மேலாளரிடம் முன் அனுமதி பெற வேண்டும்.

நடைமுறையில் மேலாளருக்கு 'நாளை எத்தனை பேர் வருவார்கள்' என்று தெரிந்தாக வேண்டும், அது நியாயமான தேவை. ஆனால் தகவல் தெரிவது ஒன்று, அனுமதி கொடுப்பது இன்னொன்று. தொழிலாளி லீவு கேட்பது ஏஜென்சியிடம். ஏஜென்சி முடிவு செய்து, மாற்று ஆளை ஏற்பாடு செய்து, கிடங்குக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் அறிவிப்பில் வர வேண்டிய வரி: 'லீவுக்கு உங்கள் ஏஜென்சியின் தள ஒருங்கிணைப்பாளரை அணுகவும்.' தள ஒருங்கிணைப்பாளர் என்றால் ஏஜென்சி தன் சார்பில் வளாகத்தில் நிறுத்தும் ஆள். 60 பேர் வரும் இடத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அறிவிப்பு அப்புறம்.

மூன்றாவது:

> விதிகளை மீறுவோர் உடனடியாக வேலையிலிருந்து நீக்கப்படுவர்.

நீதிமன்றத்தில் அதிகமாக அடிபடும் வரி இது. மீறினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உங்களிடம் இருப்பது கேட்டின் சாவி, வேலையின் சாவி அல்ல. ஃபோர்க்லிஃப்ட் பாதையில் குறுக்கே ஓடும் ஒருவரை, குடித்துவிட்டு வந்த ஒருவரை அந்த நிமிடமே வேலையை நிறுத்தச் சொல்லி வெளியே அனுப்பலாம், அனுப்பியே ஆக வேண்டும். அதன்பிறகு அவரை விசாரிப்பது, எச்சரிப்பது, வேறு இடத்துக்கு மாற்றுவது, நீக்குவது எல்லாம் ஏஜென்சி தன் நடைமுறைப்படி செய்ய வேண்டியவை. எனவே:

> பாதுகாப்பு விதியை மீறினால் வளாகத்துக்குள் நுழையும் அனுமதி நிறுத்தப்படலாம். நடந்தது உங்கள் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்கப்படும். மேல் நடவடிக்கை பற்றி ஏஜென்சி முடிவு செய்யும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 'நுழைவு அனுமதி ரத்து' என்று எழுதிவிட்டு, அதையே நீக்கத்துக்கு மாற்றுப் பெயராக, பிடிக்காதவர்களை அனுப்பும் வழியாகப் பயன்படுத்தினால் பெயர் மாற்றம் யாரையும் காப்பாற்றாது. ஒவ்வொரு முறையும் காரணம் எழுதப்பட வேண்டும், அது இடத்தின் பாதுகாப்பு அல்லது ஒழுங்கு சார்ந்ததாக இருக்க வேண்டும்.

சுருக்கமாக: ஒவ்வொரு வரிக்கும் 'இது இந்த இடத்துக்குள் வரும் யாருக்கும் பொருந்துமா?' என்று கேளுங்கள். லாரி ஓட்டுநருக்கும் மெஷின் சரிசெய்ய வந்தவருக்கும் ஆடிட்டருக்கும் பொருந்தினால் அது இடத்தின் விதி. வேலைக்கு எடுத்தவர் மட்டுமே சொல்லக்கூடியது என்றால் அதை ஏஜென்சியிடம் விடுங்கள். ஷிஃப்ட் நேரம் மாதிரி சில வரிகள் இந்தச் சோதனையில் சரியாக உட்காராது, அங்கே தகவலாக மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

## பாதுகாப்பில் கை கழுவ முடியாது

நான்காவது வரி தலைக்கவசமும் பாதுகாப்பு ஷூவும் பற்றியது. இதை மாற்றவே வேண்டாம். இன்னும் விரிவாகத்தான் எழுத வேண்டும்: மஞ்சள் கோட்டுக்குள் நடக்கவும், அங்கீகாரம் இல்லாமல் ஃபோர்க்லிஃப்டைத் தொட வேண்டாம், அடுக்கின் உயர எல்லையைத் தாண்ட வேண்டாம், அலாரம் அடித்தால் எந்த வாசல் வழியாகப் போய் எங்கே கூட வேண்டும், அடிபட்டால் முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது.

இதையெல்லாம் எழுதினால் நேரடி முதலாளி என்று ஆகிவிடுமா? ஆகாது. பாதுகாப்பு என்று வரும்போது யார் சம்பளம் கொடுக்கிறார் என்று சட்டம் பார்ப்பதில்லை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே தொழிலாளி என்பவரின் வரையறையில் ஒப்பந்ததாரர் வழியாக வந்தவரையும் சேர்த்திருந்தார்கள், காரணம் எளிது: மெஷினும் தரையும் கூரையும் யார் கையில் இருக்கிறதோ அவரால்தான் அவற்றைப் பாதுகாப்பாக வைக்க முடியும். ஆகவே இந்தக் கடமையைச் செய்வது சட்டத்துக்குக் கீழ்ப்படிவது மட்டுமே. செய்யாமல் விட்டால்தான் குற்றம்.

பாலியல் துன்புறுத்தல் புகாரும் அப்படித்தான். 2013ஆம் ஆண்டு சட்டம் ஊழியர் என்ற வரையறைக்குள் ஒப்பந்ததாரர் வழியாக வருபவரையும் சேர்க்கிறது. எனவே உங்கள் வளாகத்தின் உள்ளகப் புகார்க் குழு யார், எப்படி அணுகுவது என்பது இந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். 'ஏஜென்சியிடம் சொல்லுங்கள்' என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது நேரடி வேலை உறவைத் தவிர்க்கும் வழி அல்ல.

## 'எங்கள் ஊழியர்கள் அல்ல' என்ற வரி

வரைவின் கடைசி வரி இது:

> ஒப்பந்தத் தொழிலாளர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர். அவர்கள் எங்களிடம் எந்த உரிமையும் கோர முடியாது.

முதல் வாக்கியத்தை மென்மையாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வாக்கியம் பொய். ஏன் என்று பார்க்கலாம்.

1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி ஏஜென்சி சம்பளம் கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் அதைக் கொடுக்க வேண்டியிருந்தது, பிறகு ஏஜென்சியிடம் வசூலித்துக்கொள்ளலாம். அந்தச் சட்டம் 20 பேர் முதல் பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தை 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத் தொழிலாளர் பகுதிக்கு வரம்பு இப்போது 50 பேர். சம்பளம் பற்றிய அதே பொறுப்பு அதிலும் தொடர்கிறது. கேன்டீன், ஓய்வறை, கழிப்பறை, குடிநீர் போன்ற நல வசதிகளைச் செய்து தருவது முதன்மை வேலையளிப்பவரின் வேலை என்றும் அது சொல்கிறது. நம் கிடங்கில் 60 பேர், எனவே இந்தப் பகுதி பொருந்தும், கேன்டீன், ஓய்வறை போன்ற சில வசதிகளுக்கு மட்டும் தனி வரம்புகள் உண்டு.

அதாவது சம்பளம் வராதபோது நிறுவனத்தின் கதவைத் தட்ட தொழிலாளிக்குச் சட்டம் வழி கொடுத்திருக்கிறது. அதை இல்லை என்று சுவரில் எழுதி வைப்பது அவரை ஏமாற்றுவது. படித்துவிட்டு 'சரி, நமக்கு யாரும் இல்லை' என்று இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆறு கேள்விச் சோதனையிலும் இந்த வரி நிறுவனத்துக்கு எந்த உதவியும் செய்யாது. யாருக்கும் பயன் இல்லாத, சிலருக்குக் கெடுதல் செய்யும் வரி எதற்கு?

அதற்குப் பதிலாக நிலைமையை மட்டும் சொல்லுங்கள்:

> நீங்கள் உங்கள் ஏஜென்சியால் பணியமர்த்தப்பட்டு இந்த வளாகத்தில் பணிபுரிகிறீர்கள். சம்பளம், லீவு, பிஎஃப், இஎஸ்ஐ பற்றிய கேள்விகளுக்கு ஏஜென்சியின் தள ஒருங்கிணைப்பாளரை அணுகவும் (பெயர், தொலைபேசி எண்). சம்பளம் உரிய நாளில் வராவிட்டால் வளாக அலுவலகத்திலும் எழுத்தில் தெரிவிக்கலாம். இந்த வளாக விதிகள் சட்டம் உங்களுக்குத் தரும் எந்த உரிமையையும் குறைப்பதில்லை.

கடைசி வாக்கியத்தைப் பார்த்துச் சில நிறுவனங்கள் தயங்குவது உண்டு. தயங்கத் தேவையில்லை, அறிவிப்பு சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்த உரிமைகள் இருக்கத்தான் செய்கின்றன.

சுருக்கமாக: யார் முதலாளி என்பதைத் தகவலாகச் சொல்லலாம். உரிமை இல்லை என்று சொல்லக் கூடாது. சம்பளத்துக்கும் வசதிக்கும் பொறுப்பேற்பது நேரடி வேலை உறவை ஒப்புக்கொள்வது ஆகாது.

## ஒட்டும் விதம்

அறிவிப்பின் தலைப்பு 'வளாக விதிகள்' என்று இருந்தால் போதும். நிரந்தர ஊழியர்களுக்கான நிலையாணைகளை, அதாவது நிறுவனம் தன் சொந்தத் தொழிலாளர்களுக்குச் சான்று பெற்று வைத்திருக்கும் நடத்தை விதிகளை, இதில் மேற்கோள் காட்ட வேண்டாம். அவை இவர்களுக்குப் பொருந்தாதவை, மேற்கோள் காட்டினால் பொருந்தும் என்று நீங்களே சொன்னது போலாகும்.

இடத்தின் விதிகள் நிறுவனத்தின் பெயரில் வரட்டும். லீவு, வருகை, நடத்தை விதிகளை ஏஜென்சி தன் லெட்டர்ஹெட்டில் தனியாகக் கொடுக்கட்டும், பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளலாம். ஒரே காகிதத்தில் இரண்டையும் கலந்து நிறுவன மேலாளர் கையெழுத்துப் போடும்போதுதான் கோடு அழிகிறது. மொழியையும் கவனியுங்கள். ஹிந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர்கள் இருந்தால் அந்த மொழியிலும் ஒட்ட வேண்டும், படம் போட்டால் இன்னும் நல்லது. படிக்க முடியாத பாதுகாப்பு விதி யாரையும் பாதுகாக்காது.

## சுவரில் ஒன்று, தரையில் வேறொன்று

அறிவிப்பு அழகாக இருந்தும் வழக்கில் தோற்கும் இடங்கள் உண்டு. காரணம் சூப்பர்வைசரின் பழக்கம். அறிவிப்பில் 'லீவுக்கு ஏஜென்சியை அணுகவும்' என்று இருக்கும், ஆனால் தொழிலாளி காலையில் வாட்ஸ்அப்பில் 'சார், காய்ச்சல், வரமுடியாது' என்று அனுப்புவது கிடங்கு சூப்பர்வைசருக்கு. அவரும் 'ஓகே, நாளைக்கு வந்துவிடு' என்று பதில் போடுவார். மனிதாபிமானம்தான், ஆனால் அந்த உரையாடல் நூறு முறை நடந்தால் லீவு யார் கொடுக்கிறார் என்ற கேள்விக்கு அதுதான் பதில். 'ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள், நானும் அவருக்குத் தெரிவிக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பதில் போட்டால் கனிவும் குறையாது, கோடும் அழியாது.

இதேபோல நிறுவனத்தின் சொந்த ஊழியர்களுக்கான அடையாள அட்டை கொடுப்பது, மெமோவை நிறுவன லெட்டர்ஹெட்டில் கொடுப்பது, புதிய ஆளை நிறுவனமே நேர்காணல் செய்து 'இவரை எடுத்துக்கொள்' என்று ஏஜென்சிக்கு அனுப்புவது எல்லாம் அடையாளங்கள். நுழைவுக்கு அட்டை தேவைதான். ஆனால் அதில் ஏஜென்சியின் பெயரும் 'ஒப்பந்தத் தொழிலாளர் நுழைவு அனுமதி' என்பதும் தெளிவாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் ஏஜென்சி மாறும்போது தெரியும். ஏஜென்சி மாறுகிறது, ஆனால் அதே 60 பேர், அதே வேலை, அதே சூப்பர்வைசர், சம்பளச் சீட்டில் மட்டும் பெயர் வேறு. இப்படிப் பல ஆண்டுகள் ஓடினால், நடுவில் இருக்கும் ஏஜென்சி உண்மையானதா வெறும் திரையா என்ற கேள்வி எழும், அது எழ வேண்டிய கேள்வியும்கூட. ஏற்பாடே போலியாக இருந்தால் அந்தத் தொழிலாளர்கள் நேரடி ஊழியர்களாக அறிவிக்கப்படத் தகுதியானவர்கள். அவர்களிடமிருந்து அதை மறைப்பதற்காக ஒரு அறிவிப்பை எழுதித் தரும்படி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஏஜென்சி உண்மையானது, வேலைப் பிரிவும் உண்மையானது என்றால், மாறும் நாளிலேயே அறிவிப்பில் ஏஜென்சியின் பெயரையும் ஒருங்கிணைப்பாளரின் எண்ணையும் மாற்றுங்கள். பழைய எண்ணை யாரும் எடுக்காதபோது தொழிலாளி போய் நிற்கும் இடம் மறுபடியும் உங்கள் சூப்பர்வைசரின் மேசைதான்.